போலி நட்சத்திரங்களின் விலையை ஏற்றுவது எப்படி?

பலர் கடை போட்டு விற்கும் ஒரு ஷாப்பிங் செயலியில் விற்பனையாளருக்கு மதிப்பெண் போட எளிய வழி, வந்த நட்சத்திரங்களைக் கூட்டி எண்ணிக்கையால் வகுப்பது. போலி விமர்சனம் போடுபவர்களுக்கு இதைவிட வசதியான ஏற்பாடு கிடையாது. நேற்று கடை திறந்தவர் பத்துக் கணக்குகளை உருவாக்கி, எல்லாவற்றிலும் ஐந்து நட்சத்திரம் போட்டுக்கொண்டால் சராசரி 5.0. 400 பேரிடம் 4.6 வாங்கிய பழைய கடை அவருக்குக் கீழே போய்விடும்.

இதைச் சரிசெய்ய பேயஸ் சராசரி உதவும். செயலியில் உள்ள எல்லாக் கடைகளின் சராசரி 4.0 என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு கடைக்கும் 4.0 மதிப்புள்ள 20 விமர்சனங்கள் ஏற்கெனவே வந்துவிட்டதாகக் கணக்கைத் தொடங்குகிறோம். இப்போது புதுக் கடையின் பத்துப் போலிகளும் சேர்ந்தால் 130-ஐ 30-ஆல் வகுக்க 4.33தான் வரும். பழைய கடைக்கு 4.57. அதைத் தாண்ட 27 போலிகள் வேண்டும்.

27 என்பது பெரிய எண் இல்லை. அதனால் ஒவ்வொரு போலிக்கும் செலவு வைக்க வேண்டும். பணம் கட்டி, பொருள் கைக்கு வந்த பிறகுதான் விமர்சனப் பெட்டி திறக்கும் என்றால், ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் கமிஷனும் அனுப்பும் செலவும் போகும். இங்கேயும் ஒரு ஓட்டை உண்டு. மிக மலிவான ஒரு பொருளைப் பட்டியலில் போட்டு, அதையே 27 முறை வாங்க வைப்பார்கள். எனவே மிகச் சிறிய தொகைக்கு வாங்கியவரின் விமர்சனத்துக்குச் சராசரியில் எடை குறைவாக இருக்க வேண்டும்.

அப்புறம் யார் எழுதுகிறார்கள் என்பது. உண்மையான வாடிக்கையாளர்கள் பல கடைகளில் சிதறி வாங்குவார்கள். போலிக் கணக்குகளோ அதே ஐந்தாறு கடைகளைச் சுற்றிச் சுற்றி வரும், பெரும்பாலும் ஒரே வாரத்தில். யார் யாரிடம் வாங்கினார் என்று கோடு போட்டு இணைத்தால், இந்தக் கூட்டம் தனி முடிச்சாகத் தெரியும். அந்த 27 பேரின் எடையையும் ஐந்தில் ஒன்றாக்கினால் புதுக் கடை 4.21-க்கு இறங்கிவிடும்.

எடையைக் குறைப்பதே நல்லது, அழிக்கக் கூடாது என்பேன். ஒரே வீட்டில் ஒரே இணைய இணைப்பில் இருக்கும் நான்கு பேரும் நேர்மையாக ஒரே கடையைப் பாராட்டியிருக்கலாம். அழித்தால் அவர்களுக்கு அநியாயம். ஏமாற்றுபவருக்கோ எது பிடிபட்டது என்ற தகவல் உடனே கிடைத்துவிடும். மதிப்பெண்ணையும் நொடிக்கு நொடி மாற்றாமல், சில நாட்களுக்கு ஒருமுறை மொத்தமாகப் புதுப்பித்தால், எந்த விமர்சனம் எடுபட்டது என்று அவரால் சோதித்துப் பார்க்க முடியாது.

இத்தனைக்கும் தப்புவது ஒரு வகை: நிஜ ஆள், நிஜ முகவரி, நிஜமாக வாங்கிய பொருள். ஆனால் ஐந்து நட்சத்திரம் போட்டதும் விற்றவர் செயலிக்கு வெளியே பணத்தைத் திருப்பித் தந்துவிடுகிறார். அந்தப் பணம் செயலியின் கண்ணில் படாது. பணத்தைத் திருப்பித் தருவதாக எழுதி பார்சலுக்குள் விற்றவர் வைக்கும் சீட்டை யாராவது வாடிக்கையாளர் படம் எடுத்து அனுப்பினால்தான் தெரியவரும். அதனால் புகார் பொத்தானை விமர்சனப் பெட்டிக்குப் பக்கத்திலேயே வைக்க வேண்டும்.