கூட்டுக் குவியத் தொலைவு அல்ல, ஈடான குவியத் தொலைவு

பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும் என் அண்ணன் மகளின் நோட்டுப் புத்தகத்தில் சென்ற வாரம் ஒரு கணக்கைப் பார்த்தேன். 20 செ.மீ., 30 செ.மீ. குவியத் தொலைவுள்ள இரண்டு குவிவில்லைகள் ஒன்றையொன்று தொட்டு நிற்கின்றன. அவற்றின் ‘கூட்டுக் குவியத் தொலைவு’ என்ன? அவள் எழுதியிருந்த விடை 50 செ.மீ. சரியான விடை 12. பிழை அவளுடையது என்று நான் நினைக்கவில்லை. அந்தப் பெயரே அவளைக் கூட்டச் சொல்லியிருக்கிறது.

சொற்களின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லென்ஸ் என்பது இலத்தீனில் அவரைக் குடும்பத்துப் பருப்பு ஒன்றின் பெயர். வடிவ ஒற்றுமையால் கண்ணாடிக்கு வந்தது. நம் வில்லையும் அதுபோலத் தட்டையான வட்டத் துண்டைக் குறிக்கும் பழைய சொல்தான். ‘ஃபோகஸ்’ இலத்தீனில் அடுப்பு. ஒளியியலில் அதைப் புகுத்தியவர் கெப்ளர், 1604இல். நாம் குவி என்ற வினையிலிருந்து குவியம் என்று ஆக்கிக்கொண்டோம். குறை சொல்ல இடமில்லாத ஆக்கம்.

கோளாறு ‘கூட்டு’ என்ற அடைமொழியில் இருக்கிறது. கூட்டுச் சராசரி, கூட்டுத் தொடர்வரிசை என்று கணக்கு வகுப்பில் கேட்ட மாணவருக்குக் கூட்டு என்றால் கூட்டல்தான். கூட்டு நுண்ணோக்கி என்கிறோமே என்று கேட்பார்கள். அங்கே கூடியிருப்பது கருவி. பல உறுப்புகள் சேர்ந்தது என்ற பொருளில் அது பொருந்துகிறது. இரண்டு வில்லைகளைச் சேர்த்துக் கூட்டு வில்லை என்றாலும் எனக்கு மறுப்பில்லை. ஆனால் குவியத் தொலைவு கூடுவதில்லை. கூடுவது அதன் தலைகீழான திறன்தான்: 1/f = 1/f1 + 1/f2. 20 செ.மீ. வில்லையின் திறன் 5 டயாப்டர், 30 செ.மீ. வில்லையின் திறன் 3.33, கூட்டினால் 8.33, அதாவது 12 செ.மீ. ‘கூட்டுத் திறன்’ என்று எழுதுங்கள், கைதட்டுகிறேன். உரிய இடத்தில் வராத சொல்லை ஒட்டவேண்டாத இடத்தில் ஒட்டிவிட்டு, பிள்ளைகளுக்கு இயற்பியல் வரவில்லை என்கிறார்கள்.

மின்தடைக்குச் சொல்லும் ‘தொகுபயன்’ இதைவிட எவ்வளவோ மேல். ஆனாலும் அது விளைவை மட்டும் சொல்கிறது. இரண்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒன்றை வைக்கிறோம் என்ற கருத்து அதில் இல்லை. ‘சமான’ அந்தக் கருத்தைத் தரும், ஆனால் எல்லா வகையிலும் சமம் என்ற மயக்கத்தையும் சேர்த்துத் தரும். ஈடு என்ற தமிழ்ச் சொல் இருக்கும்போது அந்த மயக்கம் எதற்கு? ஈடு என்பது ஒன்றின் இடத்தில் நிற்பது. நின்றாலும் அது அந்தப் பொருளே ஆகிவிடாது.

இந்த வேறுபாடு வில்லைகளை விலக்கியதும் தெரியும். அதே இரண்டையும் 10 செ.மீ. இடைவெளியில் வையுங்கள். இப்போது 1/f = 1/f1 + 1/f2 − d/(f1·f2). கணக்கிட்டால் f = 15 செ.மீ. 20 செ.மீ. வில்லையின் பக்கமிருந்து இணைகதிர்களை விட்டு, இரண்டாம் வில்லையிலிருந்து 15 செ.மீ. தள்ளித் திரையை வைத்துப் பார்க்கும் மாணவர் ஏமாந்துபோவார், கதிர்கள் 7.5 செ.மீ.யிலேயே குவிந்துவிடும். அந்த 15 அளக்கப்படுவது, முதல் வில்லைக்கு 2.5 செ.மீ. பின்னால், வெறும் காற்றில் இருக்கும் ஒரு தளத்திலிருந்து. ஈடான வில்லையை அங்கேதான் வைக்கவேண்டும். எதிர்ப்பக்கமிருந்து ஒளியை விட்டாலோ, முதல் வில்லையிலிருந்து 5 செ.மீ. தள்ளி வைக்கவேண்டும். குவியத் தொலைவு அதே 15தான். நிற்கும் இடம் மாறுகிறது. ‘ஈடான’ என்ற சொல் இதற்கு இடம்கொடுக்கிறது.

‘லென்ஸ் தயாரிப்பாளர் சமன்பாடு’ என்ற பெயரும் என்னை உறுத்துகிறது. தயாரிப்பாளர் என்றதும் நினைவுக்கு வருவது திரைப்படத்துக்குப் பணம் போடுபவர். 1/f = (n − 1)(1/R1 − 1/R2) பயன்படுவது கண்ணாடியைத் தேய்க்கும் கைக்கு: வேண்டிய குவியத் தொலைவுக்கு எந்த வளைவில் தேய்ப்பது? ஒளிவிலகல் எண் 1.5 உள்ள கண்ணாடியின் இருபுறத்தையும் 20 செ.மீ. ஆரத்தில் தேய்த்தால் நம் முதல் வில்லை, 30 செ.மீ. ஆரத்தில் தேய்த்தால் இரண்டாவது. வில்லை தேய்ப்போர் வாய்பாடு என்றால் பெயரிலேயே வேலை தெரியும். மொழிபெயர்ப்பவர் அகராதியைத் திறப்பதற்கு முன் பொருளைப் பார்த்திருந்தால் இது தோன்றியிருக்கும்.

அண்ணன் மகளிடம் அவளுடைய 50ஐ அடிக்கவேண்டாம் என்றேன். இடைவெளியை 50 செ.மீ. ஆக்கி வாய்பாட்டில் போடச் சொன்னேன். 1/f பூச்சியமாகிவிட்டது: இணையாக நுழையும் கதிர்கள் இணையாகவே வெளியேறும், தொலைநோக்கியில் நடப்பதுபோல. இரண்டு குவியத் தொலைவுகளையும் கூட்டினால் கிடைக்கும் அந்த இடைவெளியில்தான் ஈடாக வைக்க ஒரு வில்லையும் இல்லை.