கசக்கும் சுரைக்காய் ஏன் ஆபத்து?

2010-ல் டெல்லியில் ஒரு விஞ்ஞானியும் அவர் மனைவியும் வழக்கம்போலச் சுரைக்காய்ச் சாறும் பாகற்காய்ச் சாறும் கலந்து குடித்தார்கள். சிறிது நேரத்தில் இருவருக்கும் கடும் வாந்தி, வயிற்றுப்போக்கு. மனைவி பிழைத்தார், விஞ்ஞானி இறந்துவிட்டார். அதன் பிறகு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஒரு நிபுணர் குழுவை அமைத்து, இந்தச் சாற்றின் நஞ்சை ஆராய்ந்தது.

நஞ்சின் பெயர் குக்கர்பிட்டாசின். பூசணிக் குடும்பத்துச் செடிகள் தங்களைத் தின்ன வரும் பூச்சியையும் விலங்கையும் விரட்ட இதை உண்டாக்குகின்றன. காட்டில் வளரும் பேய்ச்சுரை இதனால்தான் வாயில் வைக்க முடியாதபடி கசக்கிறது. தலைமுறை தலைமுறையாகக் கசப்பில்லாத காயின் விதையையே எடுத்து விதைத்ததால் நம் சுரைக்காயில் இது மிகக் குறைந்துவிட்டது. ஆனாலும் கடும் வெயிலிலும் தண்ணீர்ப் பற்றாக்குறையிலும் வாடிய கொடியில் இது மறுபடி ஏறலாம். பேய்ச்சுரையின் மகரந்தம் கலந்து உண்டான விதையிலிருந்து முளைத்த கொடியும் கசப்புக் காயையே காய்க்கக்கூடும். வெளியே பார்த்தால் எந்த வேறுபாடும் தெரியாது. நாக்கு ஒன்றுதான் கண்டுபிடிக்கும்.

டெல்லியில் அந்த நாக்கின் எச்சரிக்கைக்கு வழியில்லாமல் போயிருக்கலாம் என்பதுதான் என்னை உறுத்துகிறது. பாகற்காயின் கசப்பு வேறு சேர்மங்களால் வருவது. சமையலில் நாம் தாராளமாகச் சாப்பிடுவது. அதோடு கலந்தால் சுரைக்காய் கசக்கிறதா என்று எப்படித் தெரியும்? சுரைக்காய்ச் சாற்றில் வேறு எந்தச் சாற்றையும் கலக்க வேண்டாம் என்று அந்த நிபுணர் குழுவும் சொன்னது.

கூட்டில் ஒரு துண்டு கசந்தால் துப்பிவிடுவோம். சாறு அப்படியல்ல; உடம்புக்கு நல்லது என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மூச்சில் குடித்துவிடுகிறோம். ஒரு காயின் நஞ்சு முழுவதும் வெறும் வயிற்றில் இறங்குகிறது. அது இரைப்பை, குடலின் உட்சுவரைப் புண்ணாக்குகிறது. நுண்ணிய ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிய வைக்கிறது. சில நிமிடங்களிலிருந்து சில மணி நேரத்துக்குள் வயிற்றுவலி, குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு தொடங்கும். வாந்தியில் ரத்தமோ காப்பித்தூள் நிறமோ தெரிந்தால் உள்ளே ரத்தம் கசிகிறது என்று பொருள்; தலைசுற்றி உடம்பு சில்லிட்டு வியர்த்தால் ரத்த அழுத்தம் சரிகிறது என்று பொருள்.

இதற்கு முறிவு மருந்து கிடையாது. சிரையில் திரவம் ஏற்றி, ரத்த அழுத்தத்தைத் தாங்கி, இரைப்பையின் அமிலத்தைக் குறைத்துத்தான் மருத்துவர்கள் காப்பாற்றுகிறார்கள். உரிய நேரத்தில் போய்ச் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் சில நாட்களில் தேறிவிடுகிறார்கள். ஆகவே கசப்புச் சாறு குடித்தபின் குமட்டினால், மோரும் கஷாயமும் கொடுத்து வீட்டில் காத்திருக்காதீர்கள். எதை, எவ்வளவு, எப்போது குடித்தார் என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

தோல் சீவியதும் ஒவ்வொரு காயிலும் இரு முனையிலிருந்தும் சிறு துண்டை நறுக்கி நாக்கில் வைத்துப் பாருங்கள். லேசாகக் கசந்தாலும் உடனே துப்பி வாயைக் கொப்பளியுங்கள். காயை முழுதாகக் குப்பையில் போடுங்கள். வேகவைத்தாலும் இந்த நஞ்சு அழியாது. உப்பும் எலுமிச்சையும் சுவையை மறைக்கும், அவ்வளவுதான்.