திகைப்பும் பதிலாளும்: பெர்ப்ளெக்சிட்டி, ப்ளூ – சொல் விளக்கம்

மொழி மாடல்களைப் பற்றிய கட்டுரை எதை எடுத்தாலும் நடுவில் ஓர் அட்டவணை வந்துவிடும். அதில் ஒரு பத்தியின் தலைப்பு பெர்ப்ளெக்சிட்டி, இன்னொன்று ப்ளூ. முதலாவது குறைந்தால் நல்லது, இரண்டாவது கூடினால் நல்லது. அதோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். இரண்டுக்கும் தமிழில் என்ன பெயர் வைப்பது என்று யோசிக்கப் போனால்தான் அவை எதை அளக்கின்றன, எதை விட்டுவிடுகின்றன என்பது தெளிவாகிறது.

பெர்ப்ளெக்சிட்டியின் வேர் லத்தீனில் பின்னுதலைக் குறிக்கும் சொல். பெர்ப்ளெக்சுஸ் என்றால் முழுக்கப் பின்னிச் சிக்கிக் கிடப்பது. நூல்கண்டு சிக்கிக்கொண்டால் எந்த முனையை இழுப்பது என்று விழிக்கிறோமே, அந்த நிலை. அப்படிப் பார்த்தால் ‘சிக்கல்’ என்றே சொல்லிவிடலாம். 1977-ல் ஐ.பி.எம்.மில் ஜெலினெக், மெர்சர், பால், பேக்கர் ஆகியோர் இதைக் கலைச்சொல்லாக்கியபோது, பேச்சறியும் கணினிக்குக் கொடுக்கும் பணி எவ்வளவு கடினம் என்பதைத்தான் அளந்தார்கள். அன்றைய பொருளுக்குச் சிக்கல் பொருந்தும். இன்று அதே எண்ணை வைத்து மாடலை எடைபோடுகிறோம். சிக்கல் என்றால் பழி கணக்கின் மேல் விழும். இப்போது நாம் கேட்பதோ கணக்குப் போடுகிறவர் எவ்வளவு தடுமாறினார் என்பதை. அதனால் ‘திகைப்பு’ என்பதே என் தேர்வு. திகை என்பதற்குத் திசை என்றும் ஒரு பழைய பொருள் உண்டு. திக்குத் தெரியாமல் நிற்பது என்ற நம் வழக்கும் பக்கத்திலேயே இருக்கிறது. அது வெறும் ஒலி ஒற்றுமையாகவே இருக்கட்டும், பொருள் கச்சிதமாக உட்காருகிறது. ஏனென்றால் திகைப்பு 6 என்றால், அடுத்து வரப்போகும் சொல் எது என்பதில் மாடலின் முன் சராசரியாகச் சம வாய்ப்புள்ள 6 வழிகள் பிரிகின்றன என்று அர்த்தம். தாயக்கட்டைக்குப் பதில் ஆறு முகப் பகடையை உருட்டுவதுபோல.

கணக்கு எளிது. மனிதர் எழுதிய ஒரு வாக்கியத்தை மாடலிடம் காட்டி, ஒவ்வொரு சொல் வரும் முன்பும் அதற்கு எவ்வளவு வாய்ப்புக் கொடுத்தாய் என்று பார்க்கிறோம். நான்கு சொற்களுக்கு முறையே 1/2, 1/4, 1/2, 1/16 என்று கொடுத்தது என்று வையுங்கள். எல்லாவற்றையும் பெருக்கினால் 1/256. அதைத் தலைகீழாக்கி நான்காம் மூலம் எடுத்தால் 4. திகைப்பு 4.

இங்கேதான் முதல் ஓட்டை. அதே வாக்கியத்தை இன்னொரு மாடல் நான்கு சொல்லாக அல்லாமல் எட்டுத் துண்டாக, அதாவது எட்டு டோக்கனாக வெட்டிப் படிக்கிறது. மொத்த வாக்கியத்துக்கும் அது கொடுத்த வாய்ப்பும் அதே 1/256 என்று வைத்துக்கொள்வோம். இப்போது எட்டாம் மூலம் எடுக்க வேண்டும். விடை 2. வாக்கியத்தைப் பற்றி இரண்டுக்கும் ஒரே அளவுதான் தெரியும், ஆனால் அட்டவணையில் இரண்டாவது பாதித் திகைப்போடு பளபளக்கும்.

தமிழில் இது கொஞ்சம் அதிகமாகவே விளையாடுகிறது. ‘வாங்கினேன்’ நமக்கு ஐந்து எழுத்து. யூனிகோடில் 10 குறியீடு, UTF-8 முறையில் 30 பைட். மூன்று பைட்டுக்கு ஒரு குறியீடு என்ற அந்தக் கணக்கில் முதல் பைட் எப்போதும் `E0`, இரண்டாவது `AE` அல்லது `AF`, அவ்வளவுதான். பைட் பைட்டாகப் படிக்கும் மாடலுக்கு முப்பதில் பத்து இடம் ஏறக்குறைய இலவசம், இன்னொரு பத்து இடம் இரண்டில் ஒன்று. தமிழே தெரியாமல் பாதிப் பரீட்சை பாஸ். ஆகவே வெட்டும் முறை வேறான இரண்டு மாடல்களின் திகைப்பைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கவே கூடாது. ஒப்பிட்டே ஆக வேண்டுமென்றால் டோக்கனுக்கு வகுக்காமல் எழுத்துக்கு வகுக்க வேண்டும்.

இரண்டாவது ஓட்டை சொல்லிலேயே இருக்கிறது. திகைக்காதவர் எல்லாம் சரியாகச் சொல்பவர் இல்லை. தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டியவன் ராஜேந்திரன் என்று எழுதினாலும் வாக்கியம் சரளமாகத்தான் ஓடும். ராஜராஜன் இருக்க வேண்டிய ஓர் இடத்தில்தான் பிசகு. நீண்ட பத்தியில் அந்த ஓர் இடம் சராசரியில் கரைந்துபோகும். போதாக்குறைக்கு, இந்த அளவுகோல் மாடலைப் பேசவே விடுவதில்லை. பிறர் எழுதியதைப் படிக்கவைத்துத்தான் மதிப்பெண் போடுகிறது.

மாடலைப் பேசவிட்டு, அதாவது மொழிபெயர்க்கவிட்டு, மார்க் போடுவது ப்ளூ. இதுவும் ஐ.பி.எம். சரக்குதான். 2002-ல் பப்பினேனி, ரூக்கோஸ், வார்டு, ஜூ ஆகிய நால்வர் கொண்டுவந்தது. ஆங்கிலத்தில் BLEU என்று எழுதி, நீலம் என்று ஒலிக்கும் இந்தப் பெயரின் கடைசி எழுத்தான U-வுக்கு உரிய சொல் understudy. அது நாடகமேடையிலிருந்து வந்தது: முக்கிய நடிகர் வராத நாளில் அவர் வேடத்தைக் கட்டப் பாடம் பண்ணி வைத்திருக்கும் ஆள். மொழிபெயர்ப்பைச் சீர்தூக்கும் மனிதரை ஒவ்வொரு முறையும் கூப்பிட முடியாது, அவசரத்துக்கு அவர் இடத்தில் நிற்க ஒன்று வேண்டும் என்று கண்டுபிடித்தவர்களே சொன்னார்கள். தமிழில் இதற்கு அச்சடித்தாற்போல் ஒரு சொல் இருக்கிறது: பதிலாள். வேலைக்குப் போக முடியாதவர் தனக்குப் பதிலாக அனுப்பும் ஆள். ‘இருமொழி மதிப்பீட்டுப் பதிலாள்’ என்பது முழுப்பெயர். அன்றாடம் எழுத ப்ளூ என்றே வைத்துக்கொள்ளலாம், அது வெறும் பெயர்தானே.

பதிலாள் எப்படி வேலை செய்கிறார்? மனிதர் செய்த மொழிபெயர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு, மாடல் தந்ததில் ஒற்றைச் சொல், அடுத்தடுத்த இரண்டு, மூன்று, நான்கு சொற்கள் எத்தனை அப்படியே பொருந்துகின்றன என்று எண்ணுகிறார். நான்கு விகிதங்களையும் பெருக்கி நான்காம் மூலம். வெளியீடு குட்டையாக இருந்தால் தண்டனை தனி.

மனிதர் எழுதியது ‘நான் நேற்று சந்தையில் மீன் வாங்கினேன்’ என்று இருக்கட்டும். மாடல் ஒன்று ‘நேற்று நான் சந்தையில் மீன் வாங்கினேன்’ என்கிறது. ஒற்றைச் சொல் 5/5, இரட்டை 2/4, மூன்று 1/3, நான்கு 0/2. பெருக்கினால் பூஜ்யம். இன்னொன்று ‘நேற்று சந்தையில் மீன் வாங்கினேன்’ என்கிறது. வினைமுற்றிலேயே ‘நான்’ இருப்பதால் நாம் பெரும்பாலும் இப்படித்தான் எழுதுவோம். எல்லாம் பொருந்தினாலும் ஒரு சொல் குறைந்ததற்குத் தண்டனை, 0.78. மூன்றாவது ‘நான் நேற்று சந்தையில் மீன் வாங்கவில்லை’ என்கிறது. 4/5, 3/4, 2/3, 1/2. பெருக்கினால் 0.2, நான்காம் மூலம் 0.67. வாங்காதவருக்கு 67 மார்க், வாங்கியவருக்குச் சுழியம்!

ஒற்றை வாக்கியத்தை வைத்து ப்ளூவைப் பார்ப்பது நியாயமில்லை என்று ஆட்சேபிக்கலாம். சரிதான், ஆயிரக்கணக்கான வாக்கியங்களின் எண்ணிக்கையை ஒன்றாகக் கூட்டிப் பார்க்கத்தான் அதைச் செய்தார்கள். சுழியம் வராமல் தடுக்கும் திருத்தங்களும் உண்டு. ஆனால் சொல் வரிசை நெகிழ்ந்த, விகுதிகளை ஒட்டிக்கொண்டே போகும் மொழியில் இந்தப் பிழை தற்செயலாக அங்கொன்றும் இங்கொன்றுமாக விழுவதில்லை, ஒரே பக்கமாகச் சாய்கிறது. கூட்டினால் சாய்வும் சேர்ந்தே கூடும். ‘வந்து விட்டான்’, ‘வந்துவிட்டான்’ என்ற இடைவெளித் தகராறுக்குக்கூட மார்க் போகிறது.

2015-ல் மாயா போப்போவிச் முன்வைத்த chrF சொல்லை விட்டு எழுத்துத் தொடர்களை எண்ணுகிறது. இடைவெளித் தகராறு அதில் தீர்கிறது, இடம்மாறிய ‘நேற்று நான்’ நல்ல மார்க் வாங்குகிறது. ‘வாங்கவில்லை’ அங்கேயும் ‘வாங்’ வரைக்கும் பொருந்தி, மிச்ச வாக்கியத்தின் தயவில் பாஸாகிவிடுகிறது.