அடையாள அட்டையில் தோல் நிறத்துக்கு என்ன வேலை?

அமெரிக்காவில் வசிக்கும் வாசகர் ஒருவர், 1942ஆம் ஆண்டு ராணுவப் பதிவு அட்டை ஒன்றின் படத்தை அனுப்பி ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். அட்டையின் பின்பக்கத்தில் உயரம், எடை, கண் நிறம், முடி நிறம் எல்லாம் குறிக்கப்பட்டிருக்கின்றன. இனத்துக்கென்று தனி இடம் இருக்கிறது. அதற்குமேல் தோல் நிறத்துக்கு எட்டுக் கட்டங்கள்: சோகை பிடித்தாற்போன்ற மஞ்சள், வெளுப்பு, ரத்தச் சிவப்பு, கருமை, புள்ளி விழுந்தது, இளம் பழுப்பு, அடர் பழுப்பு, கறுப்பு. "இனத்தைத்தான் எழுதிவிட்டார்களே, இது எதற்கு? இப்போது ஏன் எந்த பாஸ்போர்ட்டிலும் இல்லை?" என்கிறார்.

முதல் பாதிக்குப் பதில் எளிது. புகைப்படம் இல்லாத காலத்தில் ஒருவரை அடையாளம் காட்ட எழுத்து மட்டுமே இருந்தது. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்க பாஸ்போர்ட்டில் நெற்றி, மூக்கு, வாய், முகவாய், முடி, தோல் நிறம் என்று ஒரு பட்டியலே வரும். அதே நாட்டின் அடிமை மாநிலங்களில் இதற்கு இன்னொரு முகமும் இருந்தது. விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் தங்கள் பெயர், வயது, நிறம், உயரம், தழும்பு எழுதிய தாளைக் கையோடு வைத்திருக்க வேண்டும். அந்த நிறக்குறிப்பு ஆளைக் கண்காணிப்பதற்காகவே எழுதப்பட்டது.

அது எவ்வளவு தூரம் பலித்தது? 1838 செப்டம்பர் 3ஆம் தேதி, அடிமையாக இருந்த பிரெடரிக் டக்ளஸ் என்ற கறுப்பின இளைஞர் பால்டிமோரிலிருந்து தப்பினார். கப்பல்காரர் உடையில், ஒரு மாலுமி நண்பரின் சான்றிதழை இரவல் வாங்கிக்கொண்டு ரயில் ஏறினார். அதில் விவரித்திருந்த ஆள் தன்னைவிட நல்ல கறுப்பு என்று அவரே பிற்பாடு எழுதியிருக்கிறார். உற்றுப் பார்த்திருந்தால் அங்கேயே பிடிபட்டிருப்பார். ரயில் நடத்துனரோ தாளின் தலைப்பிலிருந்த அமெரிக்கக் கழுகுச் சின்னத்தைப் பார்த்துவிட்டு, கட்டணத்தை வாங்கிக்கொண்டு நகர்ந்துவிட்டார். அடுத்த நாள் டக்ளஸ் நியூயார்க்கில் இருந்தார்.

1914 டிசம்பரில் அமெரிக்க பாஸ்போர்ட்டுக்குப் புகைப்படம் கட்டாயமானது. அத்தோடு நிறக்குறிப்பு ஒழிந்திருக்க வேண்டுமே என்று தோன்றும். ஒழியவில்லை. அந்தக் காலத்துப் படம் கறுப்பு வெள்ளை என்பது ஒரு காரணம். இன்னொன்று சுவாரசியமானது. அன்று புழக்கத்திலிருந்த புகைப்படத் தகடுகள் பெரும்பாலும் நீல ஒளியை நன்றாக உணரும், சிவப்பை உணரவே உணராது. ஆகவே நீலக் கண் படத்தில் வெளிறித் தெரியும். வெயிலில் சிவந்த கன்னம் கறுத்துத் தெரியும். முகத்துப் புள்ளிகள் பளிச்சென்று துருத்தி நிற்கும். படத்தை மட்டும் நம்பி நிறத்தைச் சொல்ல முடியாததால், பக்கத்தில் எழுதியும் வைத்தார்கள்.

சரி, எழுதி வைத்தது என்ன? அந்த எட்டுக் கட்டங்களைத் திரும்பப் பாருங்கள். அவை ஒரே அளவுகோலின் எட்டுப் படிகளே அல்ல. ரத்தச் சிவப்பு என்பது தோலுக்கடியில் ஓடும் நுண்குழாய்களில் உள்ள ஹீமோகுளோபினைக் குறிக்கிறது. படியேறி வந்தாலே அது மாறும். சோகை மஞ்சள் என்பது பெரும்பாலும் உடல்நிலை. புள்ளி என்பது நிறமி எங்கே கூடியிருக்கிறது என்பது. மற்றவைதான் தோலைக் கறுக்கச் செய்யும் மெலனின் என்ற நிறமி எவ்வளவு என்பதைப் பற்றியவை. வெவ்வேறு நான்கு விஷயங்களை வரிசையாக அடுக்கி, பதிவாளரை ஒன்றை டிக் அடிக்கச் சொன்னார்கள்.

மெலனினையாவது நம்பலாமா? தோலின் அடியடுக்கில் மெலனோசைட் என்ற செல்கள் இருக்கின்றன. கறுப்பானவருக்கும் சிவப்பானவருக்கும் இவற்றின் எண்ணிக்கை கிட்டத்தட்ட ஒன்றுதான். வேறுபடுவது அவை செய்யும் மெலனின் பொட்டலங்களின் அளவும் பரவலும். கறுத்த தோலில் பொட்டலங்கள் பெரியவை, தனித்தனியாகச் சிதறி இருக்கும். வெளுத்த தோலில் சிறியவை, கூட்டமாக ஒட்டியிருந்து சீக்கிரம் சிதைந்துவிடும். ஒரு மெலனோசைட் தன் கிளைகளை நீட்டி, சுற்றியுள்ள சுமார் 36 தோல் செல்களுக்கு இந்தப் பொட்டலங்களைக் கொடுக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். வாங்கிக்கொண்ட செல் அவற்றைக் கண்ட இடத்தில் போட்டுவைப்பதில்லை. தன் உட்கருவுக்கு மேலே, வெயில் விழும் பக்கமாக, குடை பிடித்தாற்போல் குவித்து வைக்கிறது. காக்கவேண்டியது உட்கருவுக்குள் இருக்கும் டி.என்.ஏ. அல்லவா! புற ஊதாக் கதிர் பட்டு அந்த டி.என்.ஏ. சேதமானால், அடிபட்ட செல்லே ஒரு ஹார்மோனைச் சுரந்து மெலனோசைட்டுக்குத் தகவல் அனுப்புகிறது. உற்பத்தி கூடுகிறது. இரண்டு மூன்று நாளில் முகம் கறுத்துத் தெரிகிறது. நிறமியைச் சுமந்த செல்கள் மெல்ல மேலேறி உதிர்ந்துபோக, சில வாரங்களில் பழைய நிறம் திரும்புகிறது. (கர்ப்பிணிக்குக் குங்குமப்பூ கொடுத்தால் பிள்ளை சிவப்பாகப் பிறக்கும் என்பவர்களுக்கு: இந்தச் சங்கிலியில் குங்குமப்பூ நுழைய ஒரு கண்ணிகூட இல்லை. எவ்வளவு பொட்டலம், எந்த அளவில் என்பதைத் தீர்மானிப்பவை மரபணுக்கள்.)

இப்போது ஒரு மாலுமியை எடுத்துக்கொள்ளுங்கள். பனிக்காலத்தில் ஊரில் இருக்கும்போது 'வெளுப்பு' என்று எழுதி வாங்குகிறார். வெப்ப மண்டலக் கடலில் சில மாதம் தளத்தில் நின்று வேலை பார்த்துவிட்டு, வேறொரு துறைமுகத்தில் அதே தாளை நீட்டுகிறார். அங்கே இருப்பவர் கண்ணுக்கு 'கருமை'. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஒருவரின் இயல்பான நிறத்தை அளக்க நினைக்கும் ஆய்வாளர்கள் முகத்தைத் தொடுவதே இல்லை. வெயில் படாத மேற்கையின் உட்புறத்தில் கருவியை வைத்து, எவ்வளவு சிவப்பு ஒளி திரும்பி வருகிறது என்று அளக்கிறார்கள். அதிகாரியோ வெயில் அதிகம் படும் முகத்தைப் பார்த்து, மங்கிய விளக்கொளியில், தான் பழகிய முகங்களோடு ஒப்பிட்டு ஒரு சொல்லை எழுதினார்.

வண்ணப் படம் பரவியதும் அந்தச் சொல்லுக்கு வேலை போனது. 1980இல் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு இயந்திரம் படிக்கும் பாஸ்போர்ட்டுக்கான வரையறையை வெளியிட்டது. இயந்திரம் படிக்கும் வரிகளில் பெயர், நாடு, எண், பிறந்த தேதி, பாலினம், காலாவதித் தேதி இருக்கும், நிறம் கிடையாது. அடுத்து சில்லு வந்தது, அதில் முகப்படம் வந்தது. கணினி அந்தப் படத்தை நேரில் நிற்பவரின் முகத்தோடு ஒப்பிடுகிறது. நிறப் பட்டியல்களை வைத்து மனிதர்களைத் தரம் பிரித்த வரலாற்றின் கசப்பும் சேர்ந்துகொள்ள, எஞ்சியிருந்த படிவங்களிலும் இந்தக் கட்டத்தைக் காப்பாற்ற யாரும் முன்வரவில்லை.

அதற்காகத் தோல் நிறம் கணக்கிலிருந்தே போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். அமெரிக்காவின் தேசியத் தரநிலை, தொழில்நுட்ப நிறுவனம் 2019இல் ஏராளமான முகம் அறியும் மென்பொருள்களைச் சோதித்தது. அவற்றில் பலவும் ஆப்பிரிக்க, கிழக்காசிய முகங்களில் ஒருவரை இன்னொருவராகக் கொள்ளும் தவறை அதிகம் செய்தன. கறுத்த முகத்துக்கு ஏற்ற வெளிச்சம் வைக்காத கேமராவும் விவரங்களை இழக்கிறது. இதைத் திருத்தும் ஆராய்ச்சியை நம் நாட்டு முகங்களை வைத்து நாமே செய்ய வேண்டும். அதற்குக் காசு ஒதுக்கத் தயங்கக் கூடாது.

நம் ஊரில், காணாமல் போனவர் பற்றிய அறிவிப்புகளில் 'மாநிறம்' என்ற சொல்லை இன்னும் பார்க்கிறோம். தமிழ்நாட்டில் பாதிப் பேருக்குப் பொருந்தும் இந்தச் சொல்லால் யாரைத் தேடுவது? பள்ளி மாற்றுச் சான்றிதழில் அங்க அடையாளம் என்று மச்சமும் தழும்பும் கேட்பார்களே, அது எவ்வளவோ மேல். மச்சம் என்பது மெலனோசைட்டுகள் ஓரிடத்தில் கூடி நிற்பது. வெயிலில் கொஞ்சம் கறுத்தாலும் இடது புருவத்துக்கு மேலே இருப்பது அங்கேயேதான் இருக்கும். அறிவிப்பில் மாநிறத்துக்குக் கொடுக்கும் அந்த ஒரு வரியை அதற்குக் கொடுக்கலாம்.