‘முன்னுரிமை’ வேண்டாம், ‘வரிசை’ போதும்

“விருந்தினர்களை முன்னுரிமை அடிப்படையில் வரவேற்கிறோம்” என்று மேடையில் அறிவிப்பது வழக்கமாகிவிட்டது. அரசு விழாக்களில் யாருக்கு அடுத்து யார் என்று சொல்லும் ‘டேபிள் ஆஃப் பிரிசிடென்ஸ்’ என்ற ஆங்கிலப் பட்டியலையும் ‘முன்னுரிமைப் பட்டியல்’ என்றே மொழிபெயர்க்கிறார்கள். இது தவறான சொல்.

இதற்குத் தமிழில் பழைய சொல் இருக்கிறது: வரிசை. கோடு என்ற பொருளுள்ள ‘வரி’யோடு சேர்த்து இதற்கு மூலம் சொல்வார்கள். ஒழுங்கு என்ற பொருளோடு தகுதி, தகுதிக்கேற்ற சிறப்பு என்ற பொருளும் இதற்கு உண்டு. “வரிசை அறிதலோ அரிதே, பெரிதும் ஈதல் எளிதே” என்று மலையமான் திருமுடிக்காரியிடம் கபிலர் சொன்னது புறநானூற்றில் (121) இருக்கிறது. அள்ளிக் கொடுப்பது எளிது, அவரவர் தகுதி அறிந்து கொடுப்பதுதான் கடினம் என்பது பொருள். “பொதுநோக்கான் வேந்தன் வரிசையா நோக்கின்” என்ற குறளிலும் (528) அதே பொருள்தான். கல்யாணத்தில் ‘தாய்மாமன் வரிசை’ என்னும்போதும் நாம் கியூவைச் சொல்வதில்லை, மரியாதையைத்தான் சொல்கிறோம்.

‘முன்னுரிமை’ எங்கே பொருந்தும்? வேலைவாய்ப்பிலோ வீடு ஒதுக்கீட்டிலோ ஒருவருக்கு முதலில் கிடைக்க வேண்டியது என்றால் அங்கே பொருந்தும். அங்கே ‘உரிமை’ என்ற சொல்லுக்கு வேலை இருக்கிறது. விழா வரிசையில் அப்படி எந்த உரிமையும் இல்லை. குடியரசுத் தலைவர் செயலகம் 1979 ஜூலை 26 அன்று வெளியிட்ட பட்டியலின் குறிப்பே இதைத் தெளிவாகச் சொல்கிறது: அரசு விழாக்களுக்கும் சடங்குகளுக்கும் மட்டுமே அந்த வரிசை, அன்றாட அரசுப் பணிகளுக்குப் பொருந்தாது. அதாவது, முன்னால் அமர்கிறவர் பின்னால் அமர்கிறவரைவிட அதிக அதிகாரம் உடையவர் என்று அதற்குப் பொருள் இல்லை. ‘முன்னுரிமை’ என்று பெயர் வைத்ததும், பின்னால் அழைக்கப்பட்டவர் தன் உரிமை பறிபோனதாக நினைக்கிறார். சிலர் எழுதும் ‘தரவரிசை’ இதைவிட மோசம். பல்கலைக்கழகங்களுக்கும் விளையாட்டு வீரர்களுக்கும் தரம் போடலாம், மேடையில் இருப்பவர்களுக்குப் போடக்கூடாது. வரிசை என்றால் இப்போது கியூ என்றுதானே நினைப்பார்கள் என்று கேட்டால், ‘மதிப்பு வரிசை’ என்று சொல்லிவிடுங்கள், குழப்பம் தீர்ந்தது.

இந்த வரிசை இடத்தைப் பொறுத்தும் மாறும். சென்னையில் ஒரு விழா என்று வைத்துக்கொள்வோம். மேடையில் சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி, தமிழ்நாட்டு அமைச்சர், அதே நீதிமன்றத்தின் நீதிபதி ஒருவர், கேரள அமைச்சர், ஒரு நாடாளுமன்ற உறுப்பினர் ஆகியோர் இருக்கிறார்கள். பட்டியல்படி தலைமை நீதிபதிக்கு 14, நம் அமைச்சருக்கு 15, நீதிபதிக்கு 17, கேரள அமைச்சருக்கு 18, நாடாளுமன்ற உறுப்பினருக்கு 21. விழா திருவனந்தபுரத்தில் என்றால் இரண்டு அமைச்சர்களின் எண்களும் இடம் மாறிவிடும், தங்கள் நீதிமன்ற எல்லைக்கு வெளியே இருப்பதால் நீதிபதிகள் இருவரும் கீழே இறங்குவார்கள். சென்னை விழாவில் பலர் செய்யும் பிழை, இரண்டு அமைச்சர்களையும் சேர்த்து அழைத்துவிட்டு நீதிபதியைப் பின்னால் தள்ளுவது. ஒரே எண்ணில் ஒரே வகைப் பதவியில் இருவர் இருந்தால் அந்தப் பதவிக்கு முதலில் வந்தவர் முன்னால். வயதோ புகழோ இதில் கணக்கில்லை.

அடைமொழிக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. ஒருவருக்கு ஓர் அடைமொழி போதும்: அமைச்சருக்கு மாண்புமிகு, நீதிபதிக்கு மாண்பமை. அப்புறம் முனைவர் போன்ற கல்விப் பட்டம், பெயர், கடைசியில் பதவி. ‘உயர்திரு மாண்புமிகு டாக்டர்’ என்று அடுக்குவது மரியாதை ஆகாது. ‘பத்மஸ்ரீ’யைப் பெயருக்கு முன்னால் போடவே கூடாது. பத்ம விருதுகளைப் பெயரின் முன்னோ பின்னோ பட்டமாகச் சேர்க்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1995-இலேயே சொல்லிவிட்டது. ‘பத்மஸ்ரீ விருது பெற்றவர்’ என்று அறிமுகத்தில் சொல்லலாம், அதில் தடையில்லை. ‘எக்ஸலென்சி’க்குத் தமிழில் எழுதும் ‘மேதகு’வும் இப்படித்தான். குடியரசுத் தலைவரை உள்நாட்டு விழாக்களில் ‘எக்ஸலென்சி’ என்று அழைக்க வேண்டாம் என 2012-இல் அவர் அலுவலகமே அறிவித்தது. வெளிநாட்டுப் பிரமுகர்களோடான சந்திப்புகளில் மட்டும் அது தொடர்கிறது. இருந்தும் மொழிபெயர்ப்பாளர்கள் பழைய அழைப்பிதழைப் பார்த்தே புதியதை எழுதுகிறார்கள்.

வரிசை தெரியாவிட்டால் ஊகிக்காதீர்கள். அவரவர் அலுவலகத்துக்குப் போன் செய்து பதவியையும் பெயரின் எழுத்துக்கூட்டலையும் எழுதி வாங்குங்கள். அரசுப் பதவியில் இருப்பவர்களைப் பட்டியல்படி முடித்துவிட்டு, எழுத்தாளர், ஓய்வுபெற்ற பேராசிரியர் போன்றவர்களைத் தனியாக அழையுங்கள். அவர்களுக்குள் யார் முன் என்று புரியாதபோது, “அகர வரிசையில் அழைக்கிறோம்” என்று முதலிலேயே சொல்லிவிட்டு அப்படியே அழையுங்கள். தலைப்பெழுத்தை விட்டுவிட்டுப் பெயரின் முதல் எழுத்தைப் பாருங்கள். அழைப்பிதழிலும் அதே வரிசை, மேடை நாற்காலியிலும் அதே வரிசை இருக்கிறதா என்று விழாவுக்கு முன்பே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.