லைவை அணைத்தாலும் இடம் திரும்பாது

போன மாதம் ஒரு அம்மா 64 ஜிபி ஐபோனைக் கொண்டுவந்தார். இடமில்லை என்று எச்சரிக்கை வந்ததும் இரண்டு நாள் உட்கார்ந்து, நூற்றுக்கணக்கான லைவ் போட்டோக்களைத் திருத்தத்தில் திறந்து லைவை அணைத்திருக்கிறார். ஒரு எம்பிகூடக் குறையவில்லை. போன்தான் கெட்டுவிட்டது என்று நினைத்துவிட்டார்.

போன் கெடவில்லை. லைவ் போட்டோ என்பது இரண்டு கோப்புகள்: ஒரு நிழற்படம், அதோடு பொத்தானை அழுத்துவதற்கு முன்னும் பின்னுமாக ஒன்றரை நொடி வீதம் ஒலியோடு பதிவான குட்டி வீடியோ. திருத்தத்தில் லைவை அணைத்தால் அசைவு மறைகிறது, அவ்வளவுதான். வேண்டும்போது மீட்டுக்கொள்ளலாம் என்று வீடியோவை போன் அப்படியே வைத்திருக்கும். அவர் போனில் படம் சராசரியாக 2 எம்பி, வீடியோ 3 எம்பி. லைவ் படங்கள் சுமார் 3,000. அதாவது வீடியோக்கள் மட்டுமே 9 ஜிபி.

வீடியோ நிஜமாகவே போக வேண்டுமானால், படத்தைத் தேர்ந்தெடுத்து Duplicate தொட்டு, Duplicate as Still Photo கொடுங்கள். அசையாத நகல் ஒன்று வரும். அதைத் திறந்து பார்த்துவிட்டு, மூலப் படத்தை அழியுங்கள். அழித்தது Recently Deleted ஆல்பத்தில் 30 நாள் கிடக்கும். அங்கிருந்தும் நீக்கினால்தான் இடம் கிடைக்கும். ஐகிளவுட் போட்டோஸ் இயங்கினால், இங்கே அழிப்பது அங்கேயும் அழியும். நகல் எடுக்கவும் இடம் தேவைப்படலாம் என்பதால் முப்பது நாற்பதாகச் செய்வது நல்லது.

எதை வைத்துக்கொள்வது? சத்தத்தைத் திறந்துவைத்து ஒவ்வொன்றையும் அழுத்திப் பாருங்கள். ரசீது, பெயர்ப்பலகை, கேமராவைப் பார்த்து வரிசையாக நிற்கும் குழு ஆகியவற்றில் அசைவுக்கு வேலையே இல்லை. அந்த அம்மாவின் போனில் மங்கலாக விழுந்த ஒரு படம் இருந்தது. அதை ஓட்டியபோது, இறந்துபோன அவருடைய அப்பா பேத்தியைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் குரல் கேட்டது. படத்தை மட்டும் பார்த்திருந்தால் முதலில் போயிருக்கக்கூடியது அதுதான். அவசரமாக மொத்தமாக மாற்றாதீர்கள் என்று நான் கெஞ்சுவது இதனால்தான்.

விரலை எடுக்காமல் தொடர்ச்சியாக எடுக்கும் பர்ஸ்ட் படங்களைக் குறைப்பது இன்னும் எளிது. நொடிக்கு 10 படம் என்பதால் நான்கு நொடி விரலை எடுக்காவிட்டால் 40 படம். ஆனால் கேலரியில் ஒன்றாகவே தெரியும், அதனால் யாரும் தேடுவதில்லை. Bursts ஆல்பத்தில் திறந்து Select தொட்டு, கண் மூடாத, கை மங்காத ஒன்றைக் குறித்து, Keep Only 1 Favorite கொடுத்தால் மீதி 39-ம் போகும். சிரிப்புக்கு ஒன்று, ஓட்டத்துக்கு ஒன்று என இரண்டு வைத்தாலும் தவறில்லை.

கடைசியாக Settings, Camera, Preserve Settings வரை போய் Live Photo-வை இயக்கிக் கொடுத்தேன். அதன்பின் கேமராவில் ஒருமுறை லைவை அணைத்தால் அணைந்தே இருக்கும். இல்லையென்றால் கேமராவை மறுபடி திறக்கும்போது தானாகவே லைவ் திரும்பிவிடும்.