ஹோட்டல் கொட்டேஷனில் லட்சமும் கோடியும்: வெளிநாட்டு வாடிக்கையாளர் எங்கே தடுமாறுகிறார்?

மாமல்லபுரம் கடற்கரை ரிசார்ட் ஒன்றில் இரண்டு நாள் திருமணம் என்று வைத்துக்கொள்வோம். கொட்டேஷன் போகப்போவது ஜெர்மனியில் இருக்கும் மாப்பிள்ளை வீட்டாருக்கு. 40 அறைகள், 2 இரவு, அறைக்கு 12,000 ரூபாய். வரவேற்பு விருந்து 250 பேருக்கு, தலைக்கு 2,800. கல்யாணச் சாப்பாடு 300 பேருக்கு, தலைக்கு 2,200. ஹால் வாடகை மூன்றரை லட்சம். கூட்டினால் 26,70,000. அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 4,80,600. ஆக மொத்தம் 31,50,600.

இந்தக் கடைசி எண்ணில்தான் அவர்கள் நிற்பார்கள். அறை வாடகை, இலை விலை எல்லாம் பெரும்பாலும் புரிந்திருக்கும். காரணம் எளிது: 99,999 வரை இலக்கங்களைப் பிரிக்கும் இடத்தில் நம் முறைக்கும் அவர்கள் முறைக்கும் வித்தியாசமே இல்லை. காற்புள்ளி இடம் மாறுவது ஒரு லட்சத்திலிருந்துதான். அதனால் கொட்டேஷனைச் சரிபார்ப்பவர் கண்ணுக்கும் தவறு படாது. மேலே உள்ள விலைகள் சரியாக இருக்க, லட்சம் வரும் வரிகள் மட்டும், முக்கியமாகப் பணம் கேட்கும் வரி, புதிராகிவிடும்.

31,50,600 என்பதை லட்சம் அறியாதவர் எப்படிப் பார்ப்பார்? இரண்டு காற்புள்ளிக்கு நடுவே மூன்று இலக்கம் இருந்தே தீரவேண்டும் என்பது அவர் பழக்கம். அங்கே இரண்டுதான் இருக்கிறது. ஆகவே தட்டச்சில் ஓர் இலக்கம் விட்டுப்போயிற்று என்று நினைப்பார். விட்டுப்போனது 50-க்கு முன்னால் ஒரு சுழியம் என்று எடுத்தால் தொகை மூன்று கோடியைத் தாண்டும். காற்புள்ளிகளை அழித்துவிட்டு இலக்கங்களை எண்ணிப் பார்ப்பவருக்கு மட்டுமே சரியான விடை கிடைக்கும். ‘இந்தத் தொகை சரிதானா, ஒருமுறை பாருங்கள்’ என்று ஒரு மின்னஞ்சல் வந்தால், விலை அதிகம் என்று பேரம் பேசுகிறார்கள் என எடுத்துக்கொள்ளாதீர்கள். பெரும்பாலும் அவர்களுக்கு எண்ணே புரியவில்லை.

சுருக்கக் குறிகள் இன்னும் மோசம். நமக்குள் ‘31.5 L’ என்று எழுதிப் பழகிவிட்டோம். வெளியே L என்றால் லிட்டர். ‘1.25 Cr’ என்பதைக் கணக்காளர் பார்த்தால் Cr என்பது வரவு வைத்த தொகை. ரிசார்ட் முழுவதையும் எடுப்பதற்கான ஒன்றேகால் கோடி, அவர் பார்வையில் தனக்குத் திரும்பி வரவேண்டிய சில்லறை. ‘Rs’ என்பதும் நமக்கு மட்டும் உரியதல்ல. இலங்கை, பாகிஸ்தான், நேபாளம், மொரீஷியஸ் எல்லாவற்றிலும் ரூபாய்தான். டொராண்டோவில் இருக்கும் யாழ்ப்பாணக் குடும்பத்துக்கு Rs என்று மட்டும் போட்டு அனுப்பினால், இலங்கை ரூபாயா இந்திய ரூபாயா என்ற கேள்வி நியாயமானதே. இரண்டின் மதிப்பும் மூன்று மடங்குக்கு மேல் வேறுபடும். எல்லா இடத்திலும் INR என்றே எழுதுங்கள்.

எண்ணை முழுதாக, மும்மூன்று இலக்கமாகப் பிரித்து எழுதி, அடுத்த வரியில் சொற்களிலும் எழுதிவிட்டால் போதும்:

```
Total payable: INR 3,150,600
Three million one hundred and fifty thousand
six hundred Indian rupees, GST included
```

சொற்கள் எதற்கு என்று கேட்கலாம். ஜெர்மனியில் ஆயிரங்களைப் பிரிக்கப் புள்ளியும், பின்னத்துக்குக் காற்புள்ளியும் போடுவார்கள். 12,000 என்பதை அவசரத்தில் பார்ப்பவருக்கு அது வெறும் பன்னிரண்டு. இலக்கத்தில் எப்படி எழுதினாலும் ஏதோ ஒரு நாட்டாருக்கு அது இடறும். சொல் இடறாது. எல்லா வரிக்கும் வேண்டாம். மொத்தத் தொகைக்கும் அட்வான்ஸ் தொகைக்கும் எழுதினால் போதும்.

அவர்கள் நாணயத்தில் தோராய மதிப்பையும் ஒரு வரியில் தரலாம். கணக்கு எளிதாக இருக்க யூரோவுக்கு 100 ரூபாய் என்று வைத்தால் 31,506 யூரோ வரும். மதிப்பு எந்தத் தேதியின் மாற்று விகிதத்தில் போட்டது, செலுத்தவேண்டியது ரூபாய்த் தொகையே என்பதை அதன் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். பத்து மடங்கு பிழை எங்கிருந்தாலும் இந்த வரியில் பிடிபட்டுவிடும்.

தொலைபேசியில் பேசும்போது பிழை மறுபக்கம் நேர்கிறது. அவர் ‘த்ரீ பாயிண்ட் ஒன் ஃபைவ் மில்லியன்’ என்பார். குறித்துக்கொள்பவர் கை பழக்கத்தில் 3.15 லட்சம் என்று எழுதும். ஒரு மில்லியன் பத்து லட்சம், பத்து மில்லியன் ஒரு கோடி. தெரியாதவர் இல்லை, அவசரத்தில் சறுக்குகிறது, அவ்வளவுதான். அட்வான்ஸ் பாதி என்று பேசினால், ‘ஒன் மில்லியன் ஃபைவ் ஹண்ட்ரட் அண்ட் செவன்ட்டி ஃபைவ் தௌசண்ட் த்ரீ ஹண்ட்ரட்’ என்று முழுதாகத் திருப்பிச் சொல்லிவிட்டு, அன்றே 1,575,300 என்று எழுத்தில் அனுப்பிவிட வேண்டும்.

இனி எக்செல். பெரும்பாலான குழப்பம் இங்கிருந்துதான் கிளம்புகிறது. சாதாரண `#,##0` வடிவம் அந்தந்தக் கணினியின் விண்டோஸ் பிராந்திய அமைப்பைப் பின்பற்றும். நம் கணினியில் 31,50,600 என்று தெரியும் அதே கோப்பு அவர்கள் கணினியில் 3.150.600 என்று திறக்கும். அதாவது எக்செல் கோப்பாக அனுப்பினால் பெரும்பாலும் தப்பிக்கிறோம். பிடிஎஃப் ஆக்கினால் நம் காற்புள்ளிகள் உறைந்துபோகின்றன. இதோடு, பல அலுவலகங்களில் புழங்கும் ஒரு லட்ச வடிவம் உண்டு:

```
[>=10000000]##\,##\,##\,##0;[>=100000]##\,##\,##0;##,##0
```

இதில் லட்ச, கோடிக் காற்புள்ளிகள் எழுத்தாகவே பதிக்கப்பட்டவை. எந்த நாட்டில் திறந்தாலும் மாறாது. இன்னொரு வேடிக்கை: கழிவுத் தொகையைக் கழித்தல் குறியோடு போட்டால் அது மூன்றாவது பகுதிக்குப் போய்விடும். கணினி அமெரிக்க அமைப்பில் இருந்தால் ஒரே தாளில் மொத்தம் 31,50,600 என்றும் கழிவு -250,000 என்றும் நிற்கும். வெளிநாட்டுப் பிரதிக்கு அந்த வடிவத்தை எடுத்துவிட்டு இதைப் போடுங்கள்:

```
[>=1000000]0\,000\,000;[>=1000]0\,000;0
```

நூறு கோடிக்குக் கீழ் உள்ள தொகைகளுக்கு இது சரியாக வேலை செய்யும். கழித்தல் குறியோடு வரும் எண்ணுக்கு மட்டும் காற்புள்ளியே விழாது. கழிவைத் தனி வரியில் நேர் எண்ணாக எழுதி, சூத்திரத்தில் கழித்துக்கொள்ளுங்கள்.

நேபாளம், வங்கதேசம், பாகிஸ்தானிலிருந்து வரும் குழுக்களுக்கு இந்த மாற்றம் ஒன்றும் வேண்டாம். லட்சமும் கோடியும் அவர்கள் பேச்சிலும் உண்டு. லண்டன் தமிழ்க் குடும்பம் என்றால் பெரியவர்களுக்குப் புரியும், ஆனால் பணம் அனுப்பப்போவது அங்கேயே பிறந்த மகளாக இருக்கலாம். அந்தக் கொட்டேஷனை மில்லியனில்தான் அனுப்ப வேண்டும்.

தொகைப் பட்டியலை மாற்றிவிட்டு, நிபந்தனைப் பத்தியில் பழைய எண்ணை விட்டுவிடுவதுதான் வழக்கமான தவறு. ரத்துக் கட்டணம், டெபாசிட் எல்லாம் பழைய கொட்டேஷனிலிருந்து ஒட்டியவை. வேர்டில் தேடல் பெட்டியில் `,^#^#,` என்று கொடுங்கள். இரண்டு காற்புள்ளிக்கு நடுவே இரண்டே இலக்கம் உள்ள எண்கள் எல்லாம் வந்து நிற்கும். ஒரு லட்சமும் அதற்கு மேலும் நம் முறையில் எழுதிய எந்தத் தொகையும் இதற்குத் தப்பாது. பிறகு lakh, lac, Cr மூன்றையும் ஒருமுறை தேடிவிட்டு பிடிஎஃப் எடுங்கள்.